தீபாவளி விற்பனை நாளில் ஒரு சிறு கடையின் இணையத்தளம்



கடைத்தெருவில் கூட்டம் கூடினால் கடைக்காரருக்கு அது கண்ணுக்குத் தெரியும். வாசலில் நிற்பவர்களை உள்ளே அழைப்பார். பிள்ளைகளையோ மைத்துனரையோ கல்லாவில் உட்காரவைப்பார். இன்னும் இரண்டு ஆள்களைச் சேலை எடுத்துப் போட நிறுத்துவார். இணையத்தில் வைத்த கடைக்குக் கூட்டம் வந்தால் அது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. வந்தவர் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் வந்ததையும் போனதையும் மறுநாள் காலையில்தான் கடைக்காரர் அறிகிறார். சிலர் அப்போதும் அறிவதில்லை, 'இந்த ஆண்டு வியாபாரம் மந்தம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆரணியில் பட்டுச்சேலை விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். தறிக்காரர்களுக்கு ஆவணி மாதத்திலிருந்தே முன்பணம் கொடுத்து நெய்த சேலைகள் நானூறு. பெரும்பாலானவை ஒரு வண்ணத்திற்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளவை. மூன்று ஆண்டுகளாக வேர்டுபிரஸ் மீது வூகாமர்ஸ் என்னும் மென்பொருளை வைத்து இணையத்தளம் நடத்துகிறார்கள். சாதாரண நாள்களில் இருநூறு பேர் வந்து பார்ப்பார்கள். எந்தக் குறையும் இல்லை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக, மாலை 6 மணிக்கு, மூவாயிரம் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் விற்பனைச் செய்தி அனுப்பப்போகிறார்கள். முன்பணமாகப் போன தொகை அந்த ஒரு வாரத்தில்தான் திரும்பிவர வேண்டும்.

அந்த மாலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் எத்தனை பேர் வருவார்கள் என்பது இங்கே பயன்படாத கேள்வி. ஒரே விநாடியில் எத்தனை பக்கம் கேட்கப்படும் என்பதே கேள்வி. மூவாயிரம் பேரில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்து நிமிடத்தில் செய்தியைத் திறந்து இணைப்பைத் தொடுகிறார் என்று கொண்டால், அறுநூறு பேர். ஒவ்வொருவரும் நான்கு பக்கம் புரட்டினால் 2,400 பக்கம். ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. ஆக, விநாடிக்கு 8 பக்கம். இது சராசரிதான், முதல் நிமிடத்தில் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இனி, கடையின் சர்வர் எவ்வளவு தாங்கும்? இரண்டு கோர் செயலி, 4 ஜிபி நினைவகம் உள்ள வாடகைச் சர்வர் என்று கொள்ளலாம். வூகாமர்ஸ் ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால், பிஎச்பி என்னும் நிரல் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டு, விலை பார்த்து, இருப்புப் பார்த்து, பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறது. ஒரு பக்கத்தைக் கட்டச் செயலிக்கு 0.6 விநாடி வேலை என்று வைத்தால், இரண்டு கோரும் சேர்ந்து விநாடிக்கு மூன்று பக்கத்துக்குச் சற்று மேல் கட்டும். கேட்பது எட்டு, கொடுப்பது மூன்று. ஒவ்வொரு விநாடியும் ஐந்து பேர் வரிசையில் சேர்கிறார்கள். ஒரு நிமிடத்தில் முந்நூறு கோரிக்கைகள் தேங்கும். அப்போது புதிதாக வருபவருக்குப் பக்கம் கிடைக்க நூறு விநாடி ஆகும். என்ஜின்எக்ஸ் என்னும் வாயில் மென்பொருள் இயல்பாக 60 விநாடிதான் பொறுத்திருக்கும். அதன் பிறகு '504 Gateway Time-out' என்று எழுதிக் காட்டிவிடும். வாடிக்கையாளர் என்ன செய்வார்? மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு தொடுதலும் வரிசையில் இன்னொரு கோரிக்கை. முதலில் வந்தவர் சலித்துப் போன பிறகும் அவர் கேட்ட பக்கத்தைச் சர்வர் கட்டிக்கொண்டிருக்கும். இப்படித்தான் சிறு தளங்கள் விழுகின்றன.

இவ்விடத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பிஎச்பி வேலையாள்கள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை `pm.max_children` என்ற ஓர் எண் தீர்மானிக்கிறது. மென்பொருளோடு வரும் அமைப்பில் அது 5 என்றுதான் இருக்கும். கூட்டம் வந்ததும் பதிவேட்டில் இந்த வரி தோன்றும்:

```
server reached pm.max_children setting (5), consider raising it
```

'உயர்த்துவதை எண்ணிப் பார்க்கவும்' என்று மென்பொருளே சொல்லுகிறதே என்று சிலர் அதை 60 ஆக்கிவிடுவார்கள். ஒரு வேலையாளுக்கு ஏறத்தாழ 100 எம்பி நினைவகம் தேவைப்படும். அறுபது பேருக்கு 6 ஜிபி. சர்வரில் இருப்பதே 4 ஜிபி. நினைவகம் தீர்ந்ததும் இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ள மிகுதியாக இடம் பிடித்திருக்கும் நிரலை நிறுத்திவிடும். அது பெரும்பாலும் தரவுத்தளமாகவே இருக்கும். பிறகு எல்லோருக்கும் 'Error establishing a database connection' என்ற ஒரே வரிதான். மெதுவாகவேனும் ஓடிய கடை முழுவதும் மூடிக்கொள்ளும். தரவுத்தளத்துக்கு ஒரு ஜிபி, இயங்குதளத்துக்கும் பிறவற்றுக்கும் ஒரு ஜிபி போக மீதமுள்ள 2 ஜிபியில் இருபது பேர் வரை அடங்குவார்கள். ஆயினும் இரண்டு கோர் செயலிக்குப் பத்து வேலையாள்களே போதும். சேலை விரிக்கும் மேடை இரண்டே இருக்கும்போது இருபது ஆள்களை நிறுத்தினால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள் அல்லவா?

வேலையாள்களைக் கூட்டுவதை விட, அவர்களுக்கு வேலையே இல்லாமல் செய்வது மேல். சேலைகளின் பட்டியல் பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை அறுநூறு முறை புதிதாகக் கட்டுவானேன்? ஒருமுறை கட்டிய பக்கத்தை அப்படியே சேமித்து வைத்து, வருவோருக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுப்பதைப் பக்கத் தேக்ககம் என்பார்கள். கேஷ் என்பது வழக்குச் சொல். அச்சடித்த பட்டியலை வாசலிலேயே கொடுப்பதைப் போன்றது இது. பிஎச்பி வேலையாளைத் தொடாமலே வாயில் மென்பொருள் அதைத் தந்துவிடும். இதே சிறு சர்வர் அப்படி விநாடிக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொடுக்கும். இதற்கான செருகுநிரல்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

ஆனால் இதைக் கவனத்தோடு செய்ய வேண்டும். கூடை, பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளர் கணக்கு ஆகிய மூன்றையும் சேமிக்கவே கூடாது. சேமித்தால் ஒருவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் வேறொருவர் திரையில் தோன்றக்கூடும். இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து, ஒன்றில் ஒரு சேலையைக் கூடையில் இட்டு, மற்றொன்றில் கூடையைத் திறந்து பார்த்தால் போதும். அது காலியாக இருக்க வேண்டும்.

தேக்ககத்தை வீணாக்கும் வழிகளும் உண்டு. ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்தால், ஒவ்வொருவரும் தொடும் இணைப்பின் வாலில் `fbclid` என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியை அந்நிறுவனம் சேர்த்துவிடும். ஒவ்வொரு தொடுதலுக்கும் வேறு வேறு குறி. தேக்ககம் அதை வேறு வேறு பக்கம் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்டச் சொல்லும். அந்தக் குறியைப் புறக்கணிக்குமாறு செருகுநிரலில் அமைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, விலை மாற்றும் நேரம். மாலை 6 மணிக்கு விற்பனை என்றால், 6 மணிக்கே நானூறு சேலைகளின் விலையையும் குறைக்கிறவர்கள் உண்டு. விலை மாறியதும் சேமித்த பக்கங்கள் எல்லாம் அழிந்துபோகும். கூட்டம் நுழையும் அதே நொடியில் கடையில் ஒரு பட்டியலும் அச்சில் இராது. ஆகவே பிற்பகல் 3 மணிக்கே விலையை மாற்றிவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் முக்கியமான பக்கங்களை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. மூன்று மணி நேரம் முன்னதாக எவரேனும் குறைந்த விலையில் வாங்கிவிட்டால் நட்டம் ஒன்றும் இல்லை.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பட்டியல் பக்கத்தில் 24 சேலைகள். ஒவ்வொரு படமும் 800 கேபி என்றால் ஒருவர் பார்க்க ஏறத்தாழ 19 எம்பி அனுப்ப வேண்டும். விநாடிக்கு இருவர் புதிதாக வந்தால் 38 எம்பி. நூறு எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்குப் பன்னிரண்டரை எம்பிதான் போகும். படத்தை 100 கேபி அளவுக்குச் சுருக்கினால் இருவருக்கும் சேர்த்து ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். சரிகையின் பளபளப்பைப் பெரிதாகக் காண விரும்புகிறவர், அந்த ஒரு சேலையின் பக்கத்தில் காணட்டும்.

இவ்வளவும் செய்தபின் கூடையில் சேலை இட்டவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். கூடையில் பொருள் வந்த நொடியிலிருந்து அவருக்குப் பக்கங்கள் பெரும்பாலும் தேக்ககத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொன்றையும் பிஎச்பிதான் கட்ட வேண்டும். பணம் கொடுக்க முன்வந்தவர்கள் இவர்களே. ஆகவே அளந்து பார்ப்பதென்றால் இவர்கள் பாதையைத்தான் அளக்க வேண்டும். அப்பாச்சி பெஞ்ச் என்னும் எளிய கருவியை வேறொரு கணினியிலிருந்து, ஆள் நடமாட்டம் இல்லாத நள்ளிரவில், இப்படி ஓட்டலாம்:

```
ab -n 400 -c 20 -C "woocommerce_items_in_cart=1" https://example.com/shop/
```

இருபது பேர் ஒரே நேரத்தில் வந்து, மொத்தம் நானூறு முறை பக்கம் கேட்பதாக இதன் பொருள். நடுவில் உள்ள குறி, கூடையில் பொருள் இருப்பதாகச் சர்வரிடம் சொல்லித் தேக்ககத்தை விலகச் செய்கிறது. விடையில் 'Requests per second' என்ற வரியே கடையின் உண்மையான கொள்ளளவு. 'Failed requests' என்பதில் எண் பெரிதாக இருந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. பக்கத்தின் நீளம் ஒரு எழுத்து மாறினாலும் இந்தக் கருவி அதைத் தோல்வி என்று எழுதும். 'Non-2xx responses' என்ற வரி தோன்றினால்தான் சர்வர் உண்மையில் மறுத்திருக்கிறது. அதே கட்டளையை அந்தக் குறி இல்லாமல் ஓட்டினால் தேக்ககத்தின் வேகம் தெரியும். இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால் தேக்ககம் வேலை செய்யவில்லை என்று பொருள். பல கடைகளில் செருகுநிரலை நிறுவியதோடு நின்றிருப்பார்கள்.

பகிர்வுச் சர்வரில் இடம் எடுத்தவர்கள் இந்தச் சோதனையை நிறுவனத்தாரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அங்கே மற்றக் கடைகளும் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் கூட்டம் மிகுந்தால் '508 Resource Limit Is Reached' என்று வருவதுண்டு. அவர்களுக்கு ஒரே வழி, பண்டிகை மாதத்துக்கு மட்டும் உயர்ந்த திட்டத்துக்கு மாறுவது. தனிச் சர்வர் வைத்திருப்பவர்களும் இரண்டு கோரை நான்காக்கலாம்; அதற்குச் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும் என்பதால் நான்கைந்து நாள் முன்னதாகவே செய்துவிட வேண்டும். செருகுநிரல்களைப் புதுப்பிப்பதையும் அந்த வாரம் முழுவதும் நிறுத்திவைப்பது நல்லது.

காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. கணினி அறிந்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கடை நடத்தியவர்களுக்கு உடனே விளங்கும். எட்டுப் பக்கம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மூவாயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போனதால் வந்தது. வாட்ஸாப்பில் ஓர் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. மூவாயிரம் பேர் என்றால் எப்படியும் பன்னிரண்டு பட்டியல்கள். அவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினால், ஒவ்வொரு முறையும் இருநூற்றைம்பது பேரில் ஐம்பது பேர் ஐந்து நிமிடத்தில் வருவார்கள். இருநூறு பக்கம், 300 விநாடி. விநாடிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. தேக்ககமே இல்லாத அந்தப் பழைய சர்வர்கூட இதைத் தாங்கும். முந்தைய பட்டியல்காரர்கள் இன்னும் உலவிக்கொண்டிருப்பார்கள் என்று இரட்டிப்பாக்கினாலும் கொள்ளளவுக்குள்தான்.

இதில் ஒரு மனக்குறை எழும். கடைசிப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி போகும்போது மணி 7.50 ஆகியிருக்கும். நல்ல சேலைகளெல்லாம் போயிருக்கும். பழைய வாடிக்கையாளரை அப்படிக் காக்கவைப்பது முறையன்று. நானூறு சேலைகளையும் ஒரே நேரத்தில் காட்டாமல், அரை மணிக்கு நூறாக வெளியிட்டு, அந்த ஒழுங்கைச் செய்தியிலேயே சொல்லிவிட்டால் இக்குறை பெரும்பாலும் தீரும். ஆனால் புதிய நூறு வெளிவரும்போது பட்டியல் பக்கம் மீண்டும் புதிதாகக் கட்டப்படும் என்பதை நினைவில் வைத்து, செய்தி அனுப்புவதற்குச் சில நிமிடம் முன்னதாகவே அதைச் செய்ய வேண்டும்.

வண்ணத்துக்கு ஒரு சேலை மட்டுமே இருக்கும் கடையில் இருப்புக் கணக்கும் கவனிக்கத்தக்கது. கூடையில் இட்டதனால் சேலை ஒருவருக்கு உரியதாகிவிடாது. இருவர் ஒரே சேலையைக் கூடையில் வைத்திருக்க முடியும். ஆணையை உறுதிசெய்து பணம் செலுத்தப் போகும்போதுதான் வூகாமர்ஸ் அதை ஒதுக்கிவைக்கிறது. 'Hold stock (minutes)' என்ற அமைப்பில் அது இயல்பாக 60 நிமிடம். பணம் செலுத்தாமல் போனவருக்காக ஒரு சேலை ஒரு மணி நேரம் பூட்டிக் கிடக்கும். அந்த ஒரு மணி நேரமே கடையின் சிறந்த நேரம். அதற்காக ஐந்து நிமிடம் என்று குறைத்தாலோ, யுபிஐ செயலியில் கடவெண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் பெரியவரின் ஆணை நீக்கப்பட்டுவிடும். பிறகு அவர் பணம் வந்து சேரும், சேலை வேறொருவருக்குப் போயிருக்கும். இருபது நிமிடம் பெரும்பாலான கடைகளுக்குப் பொருந்தும்.

பணம் பற்றிய தொல்லை இன்னொரு வழியிலும் வரும். பலர் யுபிஐ செயலியில் பணம் செலுத்திவிட்டுக் கடையின் பக்கத்துக்குத் திரும்பி வராமலே மூடிவிடுகிறார்கள். பணம் வந்த செய்தியைக் கட்டண நிறுவனத்தின் சர்வர் கடையின் சர்வருக்குத் தானே அனுப்புகிறது. அதற்கு வெப்ஹூக் என்று பெயர். கடையின் சர்வர் திணறிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தியும் வரிசையில் நின்று திரும்பிவிடும். கட்டண நிறுவனம் பிறகு மறுபடியும் அனுப்பிப் பார்க்கும். அதற்குள் இருபது நிமிடம் கடந்திருக்கலாம். வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருக்கும், கடையில் ஆணை நீக்கப்பட்டதாக இருக்கும். பக்கம் திறக்காவிட்டால் ஒருவர் வருந்துவார், நாளை வருவார். பணம் போய்ச் சேலையும் வராவிட்டால் அவர் பேசும் பேச்சு ஊர் முழுவதும் கேட்கும்.

எனவே அன்று இரவு கடை முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து, கட்டண நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தையும் வூகாமர்ஸின் ஆணைப் பட்டியலையும் அருகருகே வைத்துத் தொகை தொகையாக ஒத்துப் பார்க்க வேண்டும். பணம் வந்து ஆணை இல்லாதவை மூன்றோ நான்கோ இருக்கும். சேலை இன்னும் இருந்தால் ஆணையைக் கையால் உறுதிசெய்யலாம். இல்லையென்றால் அன்றிரவே தொலைபேசியில் சொல்லிப் பணத்தைத் திருப்பி அனுப்பும் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் முறையிடும் வரை காத்திருப்பது ஆகாது. கடையின் கணக்கைத் தாத்தா காலத்திலிருந்து பார்த்துவரும் வீட்டுப் பெரியவர்கள் இந்த வேலைக்கு இளைஞர்களை விடத் தகுந்தவர்கள். ஒரு ரூபாய் பிசகினாலும் அவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் காலையில் சர்வரின் பதிவேட்டைத் திறந்து, 504 என்ற எண் எத்தனை முறை, எந்த நிமிடங்களில் வந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். அது ஒரு பட்டியல் அனுப்பிய நேரத்தோடு ஒத்திருந்தால் அடுத்த முறை இடைவெளியைக் கூட்ட வேண்டும். சேலைகளை வெளியிட்ட நேரத்தோடு ஒத்திருந்தால் தேக்ககம் அழிந்ததே காரணம். தை மாதம் பொங்கல் விற்பனைக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும். கூட்டிய இரண்டு கோர்களையும் தீபாவளி முடிந்த வாரத்தில் குறைத்துவிடலாம். வாடகை நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.